ரிசல்ட் கேட்டுத் திருச்செந்தூர் போனோம்

கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆளெடுக்க வந்தது. திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் லேபில் ஆப்டிட்யூட் தேர்வு. மதியம் பத்துப் பத்துப் பேராக வட்டமாக உட்கார வைத்துக் குரூப் டிஸ்கஷன். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தேறியவர்களை மட்டும் அடுத்த வாரம் வியாழக்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். “மூணு வேலை நாளுக்குள்ள பட்டியல் உங்க பிளேஸ்மென்ட் ஆபீஸுக்கு வந்துடும்” என்று ஹெச்.ஆர். மேடம் மைக்கில் சொல்லிவிட்டு, சந்தேகம் கேட்க ஒரு மெயில் முகவரியைத் திரையில் காட்டினார். நான் அதைப் புறங்கையில் எழுதிக்கொண்டேன். நோட்டு கையில் இருந்தது. ஆனாலும் புறங்கையில்தான் எழுதினேன். அன்றைக்கு நான் அந்த நிலையில் இருந்தேன்.

நானும் என் சிநேகிதியும் நாலாவது குழுவில் இருந்தோம். நான் டவுண்காரி. அப்பாவுக்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவள் ஆழ்வார்குறிச்சி, ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வீட்டில் வயலும் இரண்டு மாடும். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா என்பது. ‘தொடங்கலாம்’ என்றதும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அதில் என் குரல்தான் ஜெயித்தது. அதற்குப் பிறகும் நான் விடவில்லை. ஏழெட்டுத் தடவை பேசியிருப்பேன். அவள் இரண்டே தடவை பேசினாள். ஒரு தடவை, “எங்க ஊர்ல மழை பெஞ்சா கரண்ட் போயிரும், கரண்ட் போனா டவரும் போயிரும். அப்ப வீட்டுலருந்து வேலை பாக்கதுக்கு முதல்ல வீட்டை யாரு தயார் பண்ணுவா?” என்பதை ஆங்கிலத்தில் பைய சொன்னாள். மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. பயந்தால் சிரிப்பு வந்துவிடும். அது அப்படியே எனக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒன்பது நாளும் நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று வேலை நாளும் போயின. பட்டியல் வரவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு ரிசல்ட் வந்தது. கம்பெனி யாரையுமே எடுக்கவில்லை என்றான் ஒருவன். எல்லோரையும் எடுத்துவிட்டது என்றான் இன்னொருவன். மூன்றாமவன் ‘பட்டியல்’ என்று ஒரு கோப்பை அனுப்பினான். அவசர அவசரமாகத் திறந்தால் ஹாஸ்டல் மெஸ்ஸின் சாப்பாட்டுப் பட்டியல். வியாழன் மதியம் எலுமிச்சை சாதம் என்பதை நாங்கள் இரண்டு முறை வாசித்தபிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை பிளேஸ்மென்ட் ஆபீசர் சாரைப் போய்ப் பார்த்தோம். கருகருவென்று வாரிய தலை, அடர்ந்த மீசை, முழுக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. இந்த நான்கும் இல்லாமல் நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை.

“நானும் ஒரு மெயில் போட்டிருக்கேன். ரெண்டு மூணு காலேஜ் முடிச்சுட்டு மொத்தமா போடுவாவளா இருக்கும். சனி, ஞாயிறு போவட்டும். நீங்க பாட்டுக்கு ஆளாளுக்குக் கம்பெனிக்கு எழுதி வைக்காதிய. ஒரே காலேஜ்ல இருந்து அம்பது மெயில் போனா நல்லாவா இருக்கும்?” என்றார்.

வெளியே வந்ததும் சிநேகிதி சொன்னாள்: “சார் சொல்லுததுதான் சரி. நம்மளா போயிக் கேட்டா, இதுவ என்ன இப்படிப் பறக்குதுன்னு நம்ம பேரை அடிச்சுருவாவ.”

“கேட்டா எதுக்குட்டீ அடிப்பாவ? மரியாதையாக் கேட்டா பதில் சொல்லுவாவ.”

“நீ எங்க மரியாதையாக் கேப்ப? நீ கெஞ்சுவ.”

அது உண்மைதான்.

திங்கட்கிழமையும் ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை நேர்காணல் என்றால் நடுவில் இரண்டே நாள். சார் லீவு. பேத்திக்கு மறுநாள் திருச்செந்தூரில் மொட்டையும் காதுகுத்தும் என்று அலுவலகத்து அக்கா சொன்னார். போனில் பிடித்தேன். பின்னால் நாதஸ்வரம் டேப்பில் ஓடியது. “சரி, நீ ஒருத்தி மட்டும் எழுது. எல்லாருக்குமாச் சேத்துக் கேளு. எனக்கு ஒரு காப்பி போடு. நாலு வரிக்கு மேல போவாத” என்றார்.

கேன்டீனில் உட்கார்ந்து என் போனில் எழுதினோம். எந்தக் கல்லூரி, எந்தத் தேதியில் தேர்வு, எந்தக் குழு, என் பதிவு எண், எல்லாம் தலைப்பிலேயே வரவேண்டும் என்பதுவரை சரியாகத்தான் போனது. கலந்துகொள்ள வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி, பட்டியல் எப்போது வரும் என்று தெரிந்தால் நேர்காணலுக்கு நாங்கள் தயாராக வசதியாக இருக்கும், இவ்வளவுதான் விஷயம். ஆனால் என் விரல் நிற்கவில்லை. ‘நாங்கள் மிகுந்த கவலையில்’ என்று தொடங்கினேன். அவள் வெடுக்கென்று போனைப் பிடுங்கி அந்த வரியை அழித்தாள். ஆங்கிலத்தில் இரண்டு பிழை திருத்தினாள். திருப்பிக் கொடுத்தாள். நான் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய மெயிலை ஆசையாகத் திறந்து வாசித்தேன். நாலு வரியும் கச்சிதமாக இருந்தன. அதற்குக் கீழே, என் பெயருக்குச் சற்று மேலே, தமிழில் ஐந்தாவதாக ஒரு வரி:

‘ஏட்டி, இதுக்குக் கீழ கெஞ்சாத. மானத்தோட முடி.’

எனக்காக எழுதி வைத்திருந்தாளாம். நான் பார்த்து அழித்துவிடுவேன் என்று நினைத்தாளாம்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்தது. பிறகென்ன, இரண்டு பேரும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினோம். டீ போடுகிற அண்ணாச்சி ஓடிவந்து, “அழாதியம்மா, பரீட்சை போனாப் போவுது” என்றார். அதற்கும் சிரித்தோம். திருத்தி இன்னொரு மெயில் அனுப்பலாமா என்று யோசித்து, ஒரே நாளில் இரண்டு மெயில் இன்னும் அசிங்கம் என்று விட்டுவிட்டோம். சாருக்கும் ஒரு காப்பி போயிருக்கிறது என்பது எனக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை பத்தரைக்குப் போன் வந்தது. புது எண். வகுப்புக்கு வெளியே ஓடினேன். சிநேகிதியும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“உங்க மெயில் பார்த்தேன்மா” என்றது ஹெச்.ஆர். மேடத்தின் குரல். கொஞ்சம் நிறுத்தி, “மானத்தோடதான் முடிச்சிருக்கீங்க” என்றது.

எனக்குக் காது சுட்டது. “மேடம், அது வந்து...”

“அது இருக்கட்டும். நல்லவேளை நீங்க குழு எண்ணைப் போட்டு எழுதுனீங்க. அதனாலதான் எடுத்துப் பார்த்தேன். ஆப்டிட்யூட் மார்க் கம்ப்யூட்டர்லயே ஏறிடும். குரூப் டிஸ்கஷனுக்குத் தாள்ல போட்ட மார்க்கைத்தான் நாங்க ஏத்தணும். உங்க நாலாவது குழுவுல பத்துப் பேருக்கும் அந்தக் கட்டம் காலியா இருக்கு. காலியா இருந்தா வரலைன்னு அர்த்தம் ஆயிடும்.”

“வந்தோம் மேடம்! பத்துப் பேரும் வந்தோம். நான்தான் நிறையப் பேசினேன்!”

“மார்க் போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் வேற காலேஜுக்குப் போயிருக்கார். தாள் அவர் பையில இருக்கலாம், நான் கேட்டு வாங்கிக்கறேன். ஆனா பட்டியல் முடிஞ்சு மேல போற நேரத்துல பத்துப் பேரைப் புதுசா சேர்க்கணும்னா, அவங்க வந்தாங்கன்னு உங்க காலேஜ் உறுதி சொல்லணும். கையெழுத்துப் போட்ட வருகைத் தாளை வச்சு, பிளேஸ்மென்ட் ஆபீசர் அவரோட ஆபீஸ் மெயில்ல இருந்து அனுப்பணும். நான் அவருக்கு நாலு தடவை போன் பண்ணிட்டேன், எடுக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியல் போயிடும்.”

நாங்களும் போன் பண்ணினோம். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆபீசுக்கு ஓடினோம். வருகைத் தாள் எல்லாம் சாருடைய இரும்பு அலமாரியில் இருக்கிறது, சாவி அவரிடம். அந்த மெயிலின் பாஸ்வேர்டும் அவரிடம். “தாளை எல்லாம் போன்ல படம் பிடிச்சு வச்சிருப்பாரு” என்றார் அலுவலகத்து அக்கா. “ஆனா கோயிலுக்குள்ள செல்போன் கொண்டுபோவ விடமாட்டாவல்லா? எங்கயாச்சும் குடுத்து வச்சிருப்பாரு. வெளிய வந்தாத்தான் எடுப்பாரு.”

“எப்ப வெளிய வருவாரு?”

“செவ்வாக்கிழமை கூட்டத்துல அது முருகனுக்குத்தான் தெரியும்.”

சிநேகிதி என்னைப் பார்த்தாள். கேட்கவே கூடாது என்று சொன்னவள் அவள்தான். “பஸ் ஸ்டாண்டுக்கு இப்பக் கிளம்புனா ஒரு மணிக்கு அங்கன இருக்கலாம்” என்றாள்.

பாளையங்கோட்டை தாண்டி, செய்துங்கநல்லூர் தாண்டி பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஆறு ஒரு பக்கம் வருவதும் வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒளிவதுமாக இருந்தது. வழியில் ஏறியவர்கள் பாதிப் பேர் முருகனுக்கு மாலை போட்டுப் பச்சை வேட்டி, பச்சைச் சேலை. நாங்கள் மட்டும் கழுத்தில் கல்லூரி அட்டையோடு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாருக்குப் போன் போட்டுக்கொண்டு. ஸ்ரீவைகுண்டம் வரும்போது எங்களுக்கே எங்கள் வேலை விளங்கியது. ஒரு கூட்டத்துக்குள் ஒரு ஆளைத் தேடி, அவரை ஒரு மெயில் அனுப்பவைக்க நாங்கள் ஒரு ஊருக்குப் போகிறோம். அவ்வளவுதான், மறுபடியும் சிரிப்பு.

“சாரைப் பாத்ததும் முதல்ல என்ன சொல்லணும்?” என்றாள்.

“வணக்கம்.”

“அதுக்கப்புறம்?”

“மானத்தோட முடிக்கணும்.”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தோம்.

திருச்செந்தூரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போனபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. எங்கு பார்த்தாலும் மொட்டை. பெரிய மொட்டை, சின்ன மொட்டை, சந்தனம் பூசி வெயிலில் மின்னுகிற மொட்டை. பேத்திக்கு மொட்டை என்றால் தாத்தா போடமாட்டார் என்று என்ன நிச்சயம்? கருகருவென்ற தலையைத் தேடுவதா, அது இல்லாத தலையைத் தேடுவதா?

“மீசையை வச்சுக் கண்டுபிடிப்போம்” என்றாள். மீசையோடு ஒரு மொட்டையைக் கண்டு, “சார்!” என்று கூப்பிட்டேன். அவர் மதுரைக்காரர். இன்னொருவர் எங்களுக்குத் திருநீறு கொடுத்தார். செல்போன் வாங்கி வைக்கிற இடத்தில் நின்று பார்த்தோம். வரிசை வளைந்து வளைந்து போனது. ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு விஷயமே தெரியாது. அவர்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

“ஏ பிள்ளைகளா! இங்கன என்ன செய்யுதிய?”

திரும்பினோம். வேட்டி, வெற்றுடம்பு, மேலே ஒரு துண்டு, பளபளவென்று மொட்டை. மீசையும் இல்லை. இடுப்பில் அதேபோல ஒரு குட்டி மொட்டை, புதுத் தோட்டோடு தேம்பிக்கொண்டிருந்தது. குரலைத் தவிர ஒன்றுமே சார் இல்லை. சிநேகிதிக்குப் பயம் வந்துவிட்டது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பத்துப் பேருக்குமா காலி?” என்றார். “வாங்க.” பேத்தியோடு வேகமாக நடந்தார். டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினார். தவறிய அழைப்புகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார், அங்கே முடி இல்லாததில் அவரே ஒரு நொடி திடுக்கிட்டார்.

வாசிக்கிற கண்ணாடியைத் தங்கியிருந்த அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்ததால் அவர் சொல்லச் சொல்ல நான் அவர் போனில் அடித்தேன். நாலாவது குழுவில் இன்னின்ன பதிவு எண் உள்ள பத்துப் பேரும் முழு நேரமும் கலந்துகொண்டார்கள், அவர்கள் கையெழுத்திட்ட தாள் இணைக்கப்பட்டிருக்கிறது, மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். சட்டையில்லாமல் நின்றாலும் வார்த்தை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தது. படத்தை இணைத்தேன். “பைய, பைய. அனுப்பாத” என்று சிநேகிதி கையைப் பிடித்தாள். இணைத்திருந்தது வருகைத் தாள் இல்லை, வாழையிலையில் படுத்திருந்த குட்டி மொட்டை. அதை எடுத்துவிட்டுச் சரியான தாளைப் போட்டோம். பத்துக் கையெழுத்தையும் மூன்று பேரும் மூன்று முறை எண்ணினோம். பிறகும் போகவில்லை, டவர் இல்லை. சார் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார், இறங்கினார், கடலைப் பார்த்து நடந்தார். எதிரே வந்த ஒரு அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்றே கால் மணிக்கு மெயில் போனது.

உடனே மேடத்துக்குப் போன் போட்டார். “கிடைச்சுடுச்சு சார். மார்க் தாளும் வந்துருச்சு, ஏத்திக்கிட்டு இருக்கோம்” என்றது குரல். போனை வைத்தவர் எங்களைப் பார்த்து, “சாப்ட்டியளா?” என்றார். அதற்குப் பிறகு சாரின் மனைவி எங்களை விடவில்லை. மண்டபத்தில் இலை போட்டு, பாயசம் இரண்டு முறை. பந்தியில் யார் நீங்கள் என்று கேட்டவர்களிடம் சார், “நம்ம பிள்ளைகதான்” என்றார். மெயிலின் ஐந்தாவது வரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயசம் ஊற்றும்போது மட்டும், “கெஞ்சாமச் சாப்பிடுங்க” என்றார்.

திரும்பும் பஸ் ஆழ்வார்திருநகரி தாண்டும்போது ஆறு மணி. வகுப்புக் குழுவில் பட்டியல் வந்தது. இந்தத் தடவை மெஸ் பட்டியல் இல்லை. பதிவு எண் வரிசைப்படி இருந்தது. நாலாவது குழுவில் நான்கு பேர். சிநேகிதியின் எண் இருந்தது. என்னுடையது இல்லை. அவள் என் போனையும் வாங்கி, கீழிருந்து மேலாகத் திரும்பத் தேடினாள். அப்படியும் இல்லை.

சார் போனில் கூப்பிட்டார். “ஏ பிள்ள, கேட்டுட்டேன். பேச்சுல உனக்கு நல்ல மார்க்காம். ஆப்டிட்யூட்ல ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா இவ்வளவு எடுக்கணும்னு வச்சிருக்காவ. கணக்குல கொஞ்சம் குறைஞ்சு போச்சு. அடுத்த கம்பெனி வருது, என்ன?”

போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அப்படியானால் என் விஷயம் தேர்வு எழுதிய அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே கம்ப்யூட்டருக்குள் முடிந்துபோயிருக்கிறது. அதன்பிறகு நான் பேசிய பேச்சு, எழுதிய மெயில், தேடிய மொட்டை, எதற்கும் என் ரிசல்ட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் சிரிப்பாக வெளியே வந்தது. அவள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தாமலேயே சிரிக்கத் தொடங்கினாள்.

கண்டக்டர் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, “தாயி, சிரிக்கியளா அழுதியளா? ஒண்ணைச் செய்யுங்க” என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டாள். அம்மா மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள் போல, இரைக்க இரைக்கப் பேசியது எனக்கும் கேட்டது. தேறிவிட்டேன் என்றாள். “உன் கூட்டாளி?” என்று அம்மா கேட்டார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் நான் போனை வாங்கினேன்.

“எனக்கு இல்லம்மா. கணக்குல போச்சு.”

“அப்ப நீ எதுக்கு அவ்வளவு தூரம் அலைஞ்ச?”

“போவும்போது தெரியாதுல்லா?”

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. இங்கன இருந்து படி. இவளுக்குக் கணக்கு நல்லா வரும்” என்றார்கள்.

வியாழக்கிழமை நேர்காணலில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த வருடம் முடிவதற்குள் எனக்கு வேறொரு கம்பெனியில் கிடைத்தது, அதற்குள் அவள் எனக்கு வேலையும் காலமும், ரயிலும் பாலமும் என்று கணக்குகளைப் போட்டுப் போட்டுக் கொன்றுவிட்டாள். நாலாவது குழுவிலிருந்து தேறிய மற்ற மூன்று பேரில் ஒருவனை, திருச்செந்தூர் போய்வந்த மறுநாளே கேன்டீனில் பார்த்தேன். ரிசல்ட் ஏன் அவ்வளவு தாமதம் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். உட்காரச் சொன்னேன், இரண்டு டீ வாங்கிவந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.